ஒன்பதாம் படுக்கையிலிருந்து ஒரு கடிதம்

“மதிப்பிற்குரிய செவிலியர் அவர்களுக்கு, வணக்கம். எனது தந்தையார் தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில் தாங்கள் ஆற்றிய தன்னலமற்ற சேவையை நாங்கள் என்றென்றும் மறக்க மாட்டோம். தாயுள்ளத்தோடும் புன்னகை மாறாத முகத்தோடும் தாங்கள் கவனித்துக்கொண்ட விதம் பாராட்டுக்குரியது. வெள்ளுடை தேவதையாக விளங்கும் தங்களது பணி மென்மேலும் சிறக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம். எங்கள் குடும்பத்தின் சார்பாக மனமார்ந்த நன்றி.”

இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை கிடையாது, மரியாதைக் குறைவு கிடையாது, பொய்யும் கிடையாது. ஆனால் இதைப் பிரசவ வார்டு சிஸ்டருக்கும் அனுப்பலாம், கண் ஆஸ்பத்திரி சிஸ்டருக்கும் அனுப்பலாம். தந்தையார், மருத்துவமனை, வெள்ளுடை ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால், ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்குப் பிரிவுபசார விழாவில் வாசித்தே கொடுத்துவிடலாம். படிக்கிற சிஸ்டருக்கு ஒரு விஷயம் மட்டும் கடைசிவரை பிடிபடாது: இது எந்த அப்பா?

அந்த அப்பாவையும் அவர் மகளையும் ஓர் எடுத்துக்காட்டாக வைத்து, இதே கடிதம் எப்படி இன்னொரு கடிதமாக மாறும் என்று பார்க்கலாம். ஆட்கள் கற்பனை. அவர்களைச் சுற்றி நடப்பதெல்லாம் எந்தப் பொது வார்டிலும் அன்றாடம் நடப்பது.

அப்பாவுக்கு 67 வயது. அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. மூளையின் இடப்பக்கம் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு நின்றுவிட்டது. விழுங்கவும் முடியாததால் மூக்கு வழியாக ‘ரைல்ஸ் டியூப்’ போட்டுக் கஞ்சியும் பாலும் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் ஆண்கள் வார்டில், ஒன்பதாம் படுக்கையில் இருந்தார்கள். மகளுக்குத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மேலே உள்ள கடிதத்தை அவர் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தார். அலுவலகத்தில் நாள் முழுக்க எழுதுவதும் இந்த நடையில்தானே!

எழுதியதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா முப்பது வருடம் ஸ்டாஃப் நர்சாக இருந்தவர். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா அவங்க என்ன செஞ்சாங்கன்னு இதுல இல்லையேம்மா” என்றார்.

மகளுக்குச் சற்றுக் கோபம்தான். என்ன செய்தார் என்று அந்த சிஸ்டருக்கே தெரியாதா? அவரிடமே போய் அதைச் சொல்வானேன்?

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேடிய ஓர் ஆய்வு இருக்கிறது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 2018-இல் அதை வெளியிட்டார்கள். தங்கள் வாழ்க்கையில் உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி சிலரைக் கேட்டுக்கொண்டார்கள். படிப்பவர் எவ்வளவு ஆச்சரியப்படுவார், எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று எழுதியவர்களிடமே ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதம் கிடைத்தவர்களைக் கேட்டார்கள். ஊகம் மூன்றிலுமே தவறியது. படித்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்குச் சங்கடப்படவில்லை. இங்கே முக்கியமானது மூன்றாவது: தாம் எதற்காக நன்றி சொல்லப்படுகிறோம் என்பதைப் படித்து, எழுதியவர்கள் நினைத்ததைவிட அதிகமாக அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். செய்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தெரிந்திருப்பதில்லை.

வார்டில் இது ஏன் என்று புரிந்துகொள்வது சுலபம். பல மருத்துவமனைகளில் இரவு டியூட்டி பன்னிரண்டு மணி நேரம். தானாக அசைய முடியாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். ஒரே பக்கமாகப் படுத்தே கிடந்தால், எலும்பு துருத்துகிற இடங்களில் தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வந்துவிடும். ஒரு நோயாளிக்கு ஓர் இரவில் ஐந்தாறு தடவை புரட்டல். இதற்கிடையில் மற்ற படுக்கைகளுக்கு ஊசி, டிரிப்ஸ், ரத்த அழுத்தம், டியூப் வழியாகக் கஞ்சி, கேஸ் ஷீட்டில் எழுத்து வேலை. விடிவதற்குள் நூறு காரியம் செய்தவருக்கு, அதில் எந்த ஒன்று எந்தக் குடும்பத்தின் நெஞ்சில் தங்கியது என்று எப்படித் தெரியும்?

அவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. நர்ஸ் நோயாளியைப் பார்ப்பது அவருடைய மோசமான நாட்களில். சற்றுத் தேறியதும் வேறு வார்டு, பிறகு வீடு. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அந்த நர்சுக்கு டியூட்டி இருக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டரையாவது ஒரு மாதம் கழித்துப் புறநோயாளிப் பிரிவில் மறுபடி பார்க்கிறோம். இரவு டியூட்டி சிஸ்டருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒன்பதாம் படுக்கைத் தாத்தா நடந்தாரா, பேசினாரா, இருக்கிறாரா என்பது அவரிடம் வந்து சேராத செய்தி.

ஆக, குடும்பத்தின் கையில் மட்டுமே உள்ள தகவல் இரண்டு: நீங்கள் செய்ததில் எங்களுக்குள் தங்கிப்போனது எது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று. முதல் கடிதத்தில் இந்த இரண்டும் இல்லை. ‘தன்னலமற்ற’, ‘தாயுள்ளம்’, ‘தேவதை’ எல்லாம் முடிவாகச் சொல்லப்பட்ட தீர்ப்புகள். எதை வைத்து அந்தத் தீர்ப்பு என்று கடிதம் சொல்லவே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா கடிதத்தைத் திருத்தவில்லை. மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். கேட்டது நான்கே கேள்வி.

“அந்த சிஸ்டர்னு சொன்னதும் உனக்கு எந்த ராத்திரி ஞாபகம் வருது?”

மூன்றாவது ராத்திரி. அப்பா டியூபைப் பிடுங்கிய ராத்திரி.

“சரி, அவங்க வந்து கையால என்ன செஞ்சாங்க?”

இதற்குப் பதில் உடனே வரவில்லை. “நல்லாப் பார்த்துக்கிட்டாங்க” என்றுதான் மகள் தொடங்கினார். ‘பார்த்துக்கிட்டாங்க’ என்றால் எப்படி? டார்ச் அடித்துப் பார்த்தார். எதை? மூக்கை. பார்த்து என்ன செய்தார்? பிளாஸ்டரை உரித்தார். அதற்கு முன்னால் ஏதாவது கேட்டாரா? ஆமாம், அப்பாவிடம் ஒன்று கேட்டார். என்ன கேட்டார்? அந்த இடத்தில் மகளுக்கு முழுக் காட்சியும் திரும்பி வந்தது.

மூன்றாவது கேள்வி: “அப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தே?” இதைப் பலரும் கடிதத்தில் சேர்ப்பதில்லை, நன்றி சொல்லும் இடத்தில் தன்னைப் பற்றி எதற்கு என்று விட்டுவிடுவார்கள். மகள் அன்று என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். அப்பாவின் கையைக் கட்டிலோடு கட்டுவதற்குத் தன் துப்பட்டாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நான்காவது: “இன்னைக்கு வீட்டில அவங்க செஞ்சது ஏதாவது மிச்சம் இருக்கா?” இருந்தது, அதுவும் இரண்டு மணிக்கு ஒருமுறை.

டியூப் விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும், கடிதத்தின் உயிர் அதில் இருக்கிறது. மூக்கில் டியூப் போட்ட நோயாளி அதைப் பிடுங்குவது வார்டில் சாதாரணம். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை இயங்கும், பேச்சு வராது. பிடிக்காததைச் சொல்ல அந்தக் கை ஒன்றுதான் வழி. ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் புதிதாகப் போட்டாக வேண்டும். தொண்டையில் குமட்டும், கண்ணில் நீர் வரும். முனை இரைப்பையில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கஞ்சி ஊற்றலாம், தவறி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. அதனால்தான் கையைக் கட்டிவிடும் எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. கட்டினால் அவர் இன்னும் முரண்டு பிடிப்பார், கட்டிய இடத்தில் தோல் உரியும். அனுபவமுள்ள நர்ஸ் முதலில் தேடுவது காரணத்தை: டியூப் மூக்கோரத்தை இழுக்கிறதா, பிளாஸ்டர் ஒட்டிய இடம் புண்ணாகிவிட்டதா, சிறுநீர் முட்டுகிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு, மூன்று படுக்கைகளிலிருந்து கூப்பிடும்போது, அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்வது அவர் தேர்ந்தெடுத்துச் செய்த காரியம்.

முதல் கடிதத்தில் இதெல்லாம் ‘தன்னலமற்ற சேவை’ என்ற இரண்டு சொல்லுக்குள் போய் மறைந்துவிட்டது.

மறுபடி எழுத உட்கார்ந்தபோது மகள் சொன்னார்: “என்னம்மா இது, கோர்வையாவே வரலை. பேசற மாதிரி இருக்கு.” அந்தப் பயமும் எதிர்பார்க்கக்கூடியதே. முன் சொன்ன ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுவதும் இதைத்தான்: எழுதுபவர் தன் சொல் சரியாக இருக்கிறதா என்று கவலைப்படுகிறார், படிப்பவர் அதில் உள்ள அன்பைப் பார்க்கிறார். தமிழில் இந்தக் கவலை இன்னும் கூடுதலாகவே இருக்கும். நேரில் ‘நீங்க நல்லா இருக்கணும்’ என்று கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள்கூட, பேனாவை எடுத்ததும் ‘தங்களது மேலான சேவை’க்குப் போய்விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் கடிதம் என்று நாம் எழுதிப் பழகியது விடுப்பு விண்ணப்பமும் புகார் மனுவும். வீட்டுப் பேச்சைத் தாளில் இறக்க யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்று தாள் கிழிபட்ட பிறகு வந்த கடிதம் இது. 

“அன்புள்ள சிஸ்டர்,

டிசம்பரில் ஆண்கள் வார்டு ஒன்பதாம் படுக்கையில் இருந்த ரிட்டயர்டு கண்டக்டரின் மகள் எழுதுகிறேன். பன்னிரண்டு நாள் இருந்தோம். அதில் ஆறு ராத்திரி நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி அப்பா மூக்கு டியூபை இரண்டு தடவை பிடுங்கிவிட்டார். மூன்றாம் தடவையும் கையைக் கொண்டு போனபோது கட்டிலோடு கட்டிவிடலாம் என்று நானே என் துப்பட்டாவைக் கழற்றி வைத்திருந்தேன். நீங்கள் வந்தீர்கள். டார்ச் அடித்து அவர் மூக்கைப் பார்த்தீர்கள். ‘அரிக்குதுங்களா ஐயா?’ என்று கேட்டீர்கள். அப்பா உங்களையே பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். மூன்று நாளாக நான் அவரிடம் வலிக்குதா, வலிக்குதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அரிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய பிளாஸ்டரைத் தண்ணீர் தொட்டு மெதுவாக உரித்து, சிவந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் ஒட்டினீர்கள். ஒரு துண்டைச் சுருட்டி அவர் இடது கையில் கொடுத்தீர்கள். விடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டே தூங்கினார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நான் தூங்கியதும் அன்றைக்குத்தான். துப்பட்டாவைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தீர்கள். அதிலிருந்து அவரைப் புரட்டும்போதெல்லாம் ‘ரைட், போலாமா ஐயா?’ என்பீர்கள். புரட்டி, முதுகுக்குத் தலையணை வைத்ததும் ‘ஹோல்டான்’ என்பீர்கள். வாய் கோணினாலும் அவர் சிரித்தார். எட்டாம் நாள் ராத்திரி நீங்கள் ‘போலாமா?’ என்று கேட்டபோது ‘ரைட்’ என்றார். நீங்கள் என்னைத் தட்டி எழுப்பி, மறுபடி கேட்டுக் காட்டினீர்கள்.

நாங்கள் டிஸ்சார்ஜ் ஆன அன்று உங்களுக்கு ஆஃப். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. டியூபை எடுத்தாயிற்று. பருப்புச் சாதத்தை நன்றாகக் குழைத்து வைத்தால் இடது கையில் ஸ்பூனால் அவரே சாப்பிடுகிறார். முதுகில் ஒரு புண் இல்லை. நீங்கள் காட்டிக் கொடுத்தபடியே புரட்டுகிறோம். என் பையன் போனில் அலாரம் வைத்திருக்கிறான், அவனும் ‘ரைட், போலாமா தாத்தா’ என்றுதான் சொல்கிறான். நடை இன்னும் வரவில்லை. பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். என் பெயர் வாயில் வரவில்லை. ‘ரைட்’ வருகிறது.

நன்றி சிஸ்டர். நீங்க நல்லா இருக்கணும்.

கீழே உள்ளது அப்பா இடது கையால் போட்ட கையெழுத்து.”

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். இரண்டாவது கடிதத்தில் பாராட்டுச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. கருணை, பொறுமை, அர்ப்பணிப்பு எதுவும் எழுதப்படவில்லை. படிப்பவர் அந்தச் சொற்களைத் தாமே சொல்லிக்கொள்கிறார். ‘தாயுள்ளத்தோடு கவனித்தீர்கள்’ என்ற வரி இருந்த இடத்தில் இப்போது ‘அரிக்குதுங்களா ஐயா?’ இருக்கிறது. ‘என்றென்றும் மறக்க மாட்டோம்’ என்ற உறுதிமொழிக்குப் பதிலாக ஒரு சிறுவனின் போனில் அலாரம் அடிக்கிறது.

சாரா ஆல்கோ என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். தம்பதிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவு செய்து பார்த்தார்கள். ‘எனக்கு இதனால் இன்ன நன்மை’ என்று தன் பக்கத்தை மட்டும் சொல்வதைவிட, ‘நீங்கள் இப்படிச் செய்தீர்கள்’ என்று செய்தவரின் செயலைப் போற்றிச் சொன்ன நன்றிதான் கேட்டவர் மனத்தில் அதிகம் பதிந்தது. தம்பதிகளுக்கான ஆய்வை நர்சுக்கு அப்படியே ஒட்டிவிட முடியாது. ஆனாலும் மகளின் கடிதத்தில் வினைச்சொற்கள் யாரைச் சுற்றி வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: வந்தீர்கள், பார்த்தீர்கள், கேட்டீர்கள், ஒட்டினீர்கள், கொடுத்தீர்கள், எழுப்பினீர்கள். முதல் கடிதத்தில் நர்ஸ் ‘விளங்க’ மட்டுமே செய்தார்.

கடிதத்தில் இருப்பவை இவை. எடுக்கப்பட்டவையும் உண்டு. மூன்று வரிகளைப் பக்கத்து வீட்டு அம்மா பென்சிலால் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் முப்பது வருட அனுபவம் சொல்லும் காரணம் இருந்தது.

முதலாவது: ‘ராத்திரி பதினோரு மணிக்கு ஊரிலிருந்து வந்த என் தம்பியை நீங்கள்தான் உள்ளே விட்டீர்கள்.’ மகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் பார்வையாளர் நேரம் மாலையோடு முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தின் நகல் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேசைக்குப் போனால், பாராட்டு அங்கே புகாராக மாறி நிற்கும். விதியைத் தளர்த்திச் செய்த உதவிக்கு நேரில் நன்றி சொல்லலாம், தாளில் வேண்டாம் என்றார் அந்த அம்மா.

இரண்டாவது: ‘மற்றவர்கள் எரிந்து விழுந்தபோது நீங்கள் ஒருவர்தான் பொறுமையாக இருந்தீர்கள்.’ கடிதம் வார்டு அறிவிப்புப் பலகையில் குத்தப்பட்டால் அந்த மற்றவர்களும் அதைப் படிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களோடுதான் இந்த சிஸ்டர் டியூட்டி பார்க்க வேண்டும். குறை இருந்தால் அதைத் தனித் தாளில், தனியாக எழுதலாம்.

மூன்றாவதை எடுக்க மகள் சம்மதிக்கவே இல்லை, வெகுநேரம் வாதம் நடந்தது. ‘அப்பாவுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள்.’ இதில் சற்று மருத்துவம் இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு, யோசித்துச் சொல்ல வேண்டிய வாக்கியம் வராதபோதும், வாழ்நாள் முழுக்க வாயில் பழகிப்போனவை சில சமயம் தாமாக வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவது, தெரிந்த பாட்டு, வசவு, இப்படி. முப்பத்தொரு வருடம் ‘ரைட்’ சொன்னவர் வாயில் அது முதலில் வந்ததில் வியப்பில்லை. பேச்சு மீள்வது மூளையில் ஏற்பட்ட சேதத்தின் அளவையும், காலத்தையும், பேச்சுப் பயிற்சியையும் பொறுத்தது. ‘நீங்கள்தான் கொடுத்தீர்கள்’ என்று எழுதினால் படிக்கும் நர்சுக்கு அது உண்மையில்லை என்று தெரியும். அந்த ஒரு வரி மிகையாகத் தெரிந்துவிட்டால் மேலே எழுதிய உண்மைகளும் மங்கும். ‘நீங்கள் கேட்டபோது ரைட் என்றார்’ என்பது நடந்தது. நடந்ததோடு நிறுத்தினால் போதும் என்று கடைசியில் மகளும் ஒப்புக்கொண்டார். ‘என் பெயர் வாயில் வரவில்லை’ என்ற வரியை அவராகவே சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

எல்லாக் குடும்பத்துக்கும் ‘வீட்டுக்கு வந்து நாற்பது நாள்’ என்று எழுதும் பாக்கியம் வாய்ப்பதில்லை. அப்பா வீடு திரும்பவில்லை என்றால் இந்தக் கடிதம் எழுத முடியுமா? முடியும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1999-இல் பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயது இளைஞர், உடலின் எதிர்ப்புச் சக்தியே ரத்தத் தட்டணுக்களை அழிக்கும் நோயால் எட்டு வாரம் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனார். அவர் நினைவாக என்ன செய்யலாம் என்று குடும்பத்தார் பேசியபோது திரும்பத் திரும்ப வந்தது, அந்த எட்டு வாரமும் அவரைப் பார்த்துக்கொண்ட நர்சுகளின் பேச்சுதான். அவர்களுக்கு நன்றி சொல்லவென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் பெயரால் தரப்படுகிற ‘டெய்சி விருது’ இன்று பல நாடுகளின் மருத்துவமனைகளில் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் கேட்பதில்லை. நோயாளியோ குடும்பத்தாரோ, அந்த நர்ஸ் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் கதையாக எழுதித் தர வேண்டும். விருது விழாவில் இலவங்கப்பட்டை ரொட்டி பரிமாறும் வழக்கம் உண்டு. சாப்பாடே இறங்காமல் கிடந்த பேட்ரிக் ஒருநாள் அந்த ரொட்டியை விரும்பிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் நர்சுகளுக்கும் சேர்த்து வாங்கி வரச் சொன்னாராம். மகன் இறந்த பிறகும் குடும்பத்துக்கு அந்த ஒரு காலை நேரம் நினைவிருந்தது. இழந்த வீட்டிலிருந்து போகும் கடிதத்திலும் அப்படி ஒரு பொழுது இருந்தால் போதும்: கடைசி ராத்திரி உலர்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றியது, ‘பக்கத்துல உட்காருங்க, பேசுங்க, காது கேட்கலாம்’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டது.

இனி ஒரு நடைமுறைச் சிக்கல். பெயர். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் பார்த்தால் டாக்டர்களின் பெயர்தான் இருக்கும். பன்னிரண்டு நாள் புரட்டிப் போட்டவர்களின் பெயர் அதில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டே பழகியதால் நமக்கும் தெரியாது. வார்டில் இருக்கும்போதே நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர் அட்டையைப் பார்த்து போனில் குறித்துக்கொள்வது நல்லது. மகள் குறிக்கவில்லை. ‘உயரமாக, கண்ணாடி போட்டவர்’ என்று உறையில் எழுத முடியுமா?

பக்கத்து வீட்டு அம்மா அதற்கும் வழி சொன்னார். வார்டு, படுக்கை எண், தேதி, எந்த ஷிஃப்ட் என்று எழுதிக் கொடுத்தால் டியூட்டி பட்டியலைப் பார்த்து வார்டு இன்சார்ஜ் பெயரைச் சொல்லிவிடுவார். மகள் ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போய், டிசம்பர் மாத இரவுகள் இரண்டின் தேதியைச் சொல்லிக் கேட்டார். இன்சார்ஜ் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு தேதிக்கும் எதிரே ஒரே பெயர் இருந்தது. அந்த சிஸ்டர் இப்போது பெண்கள் வார்டுக்கு மாறிவிட்டாராம், இந்த வாரம் மறுபடி நைட். மகள் பேனா கேட்டு வாங்கி, உறையின் மேல் அந்தப் பெயரை எழுதினார். நகல் ஒன்றை சூப்பரின்டென்டென்ட் அறையில் கொடுத்துவிட்டு, உறையை இன்சார்ஜிடம் தந்தார். சாயந்திரம் ஏழரைக்கு நைட் ஷிஃப்ட் வரும்போது கையில் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார். அலாரம் அடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால் மகள் நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.